முத்திரை உடைந்தால் சுருள் திறந்துவிடுமா? வெளிப்படுத்தல் 5, 6 பற்றி ஒரு வாதம்

திண்ணைவாசி:
வெளிப்படுத்தல் 6ல், ஏழு முத்திரையிட்ட சுருளின் முத்திரைகளை ஆட்டுக்குட்டியானவர் ஒவ்வொன்றாக உடைக்க, ஒவ்வொரு சம்பவம் நடக்கிறது. சுருளில் எழுதியிருப்பதே அந்தச் சம்பவங்கள்தானா? இல்லை, ஏழும் உடைந்த பிறகுதான் வாசிப்பே தொடங்குமா? ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள்.

ஏழாம் எக்காளம்:
எழுதியிருப்பதுதான் நடக்கிறது, இதில் குழப்பமே இல்லை பிரதர். ரோமர் உயிலுக்கு ஏழு சாட்சிகள் முத்திரை போடுவார்கள். அதுபோல இது பூமியின் உரிமைப் பத்திரம். முத்திரை உடைய உடைய அந்தப் பகுதி நிறைவேறுகிறது. முதல் நான்கும் இனி வரப்போகும் ஏழு வருஷ உபத்திரவத்தின் முதல் பாதி. வெள்ளைக் குதிரைக்காரன் அந்திக்கிறிஸ்து. முத்திரை ஏழு, எக்காளம் ஏழு, கலசம் ஏழு, மொத்தம் 21. ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்தால் படம் தெளிவாகிவிடும்.

கிரேக்க மாணவி:
ஏழு சாட்சிகள் என்பது சரி. ஆனால் அந்த உதாரணம் உங்கள் வாதத்துக்கு எதிராகத்தான் போகிறது. சாட்சிகள் கூடி ஏழு முத்திரைகளையும் சரிபார்த்துப் பிரித்த பிறகுதான் உயிலை வாசிப்பார்கள். மூன்று முத்திரை உடைந்தால் மூன்று பத்தி வாசிக்கலாம் என்பது அங்கே கிடையாது. போதாததற்கு ரோமர் உயில் பெரும்பாலும் மெழுகு பூசிய பலகைகளில் எழுதப்பட்டது, சுருளில் அல்ல.

ஒரு சுருளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். அதைச் சுற்றி நூல் கட்டி, வெளி ஓரத்தில் ஏழு இடத்தில் முத்திரை போட்டிருந்தால், ஆறு உடைந்தாலும் ஒரு வரி தெரியாது. கொஞ்சம் சுருட்டி ஒரு முத்திரை, இன்னும் கொஞ்சம் சுருட்டி அடுத்தது என்று உள்ளேயே வைத்திருந்தால்தான் பகுதி பகுதியாகத் திறக்கும். வசனம் அப்படிச் சொல்லவில்லை. 5:1ல் ஏழும் ஒரே பார்வையில் யோவானுக்குத் தெரிகிறது. 6ஆம் அதிகாரம் முழுக்க "உடைத்தார்" என்றுதான் வருகிறது. "விரித்தார்", "வாசித்தார்" என்று ஓர் இடத்திலும் இல்லை. ஆகவே ஆறு முத்திரைக் காட்சிகளும் சுருளின் உள்ளடக்கம் அல்ல, அது திறக்கப்படுவதற்கு முன் நடப்பவை என்பது என் வாசிப்பு.

பழைய மொழிபெயர்ப்பில் "புஸ்தகம்" என்று இருப்பதாலும் இந்தக் குழப்பம் வருகிறது. பக்கம் புரட்டும் புத்தகம் மனதில் இருந்தால், ஒரு முத்திரைக்கு ஓர் அத்தியாயம் என்றுதான் தோன்றும். கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பு "சுருளேடு" என்று போட்டது அந்த வகையில் நல்லது.

பத்மு கரை:
மாணவி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் "உள்ளும் புறம்பும் எழுதப்பட்ட" என்பதை விட்டுவிட்டீர்களே அக்கா. எரேமியா 32ல் நிலம் வாங்கும்போது முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. சாக்கடல் குகைகளில் கிடைத்த, பாபத்தா என்ற யூதப் பெண்ணின் பத்திரங்களும் அதே மாதிரி: மேல் பகுதியைச் சுருட்டிக் கட்டி, அதே வாசகத்தைக் கீழே திறந்தபடி எழுதி, பின்பக்கம் சாட்சிகளின் கையொப்பம். அப்படியானால் வெளியே எழுதியிருப்பதை முத்திரை உடைக்காமலே வாசிக்கலாமே.

கிரேக்க மாணவி:
வாசிக்கலாம் என்றால் 5:4ல் யோவான் ஏன் அழுகிறார்? "திறக்கவும் அதைப் பார்க்கவும்" ஒருவனாலும் கூடவில்லை என்கிறது 5:3. வெளிப்பிரதி இருந்தால் அந்த அழுகைக்கு இடமே இல்லை. உள்ளும் புறமும் என்பது எசேக்கியேல் 2:10லிருந்து வருகிறது. அங்கே சுருளின் இரு பக்கமும் புலம்பலும் ஐயோ என்பதும். இடமில்லாமல் பின்பக்கமும் நிரம்பிய சுருள், அவ்வளவுதான். அந்த எசேக்கியேல் பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

சின்னராணி:
இடையில் பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வேதபாட வகுப்புக்கு விளக்கப்படம் ஒன்று வரைகிறேன். முத்திரை என்பது 1,44,000 பேருக்கு நெற்றியில் போடுவதுதானே? அது ஏழா, ஒன்றா?

கிரேக்க மாணவி:
சொல் ஒன்றுதான், விஷயம் வேறு ராணிம்மா. சுருளில் இருப்பது மூடி வைக்கும் முத்திரை. 7ஆம் அதிகாரத்தில் இருப்பது "இவர்கள் எனக்குரியவர்கள்" என்ற அடையாள முத்திரை. படத்தில் இரண்டுக்கும் வேறு நிறம் கொடுங்கள்.

ஆனால் தற்செயலாக நல்ல இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். 9:4ல் ஐந்தாம் எக்காளத்தின்போது, நெற்றியில் தேவனுடைய முத்திரை இல்லாதவர்களை மட்டும் சேதப்படுத்தும்படி வெட்டுக்கிளிகளுக்குக் கட்டளை. ஆகவே எக்காளம் 7ஆம் அதிகாரத்துக்குப் பிறகுதான் வரவேண்டும். "மூன்று ஏழும் ஒரே காலத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன" என்று ஒரே வீச்சில் சொல்பவர்கள் இடறும் இடம் இது.

ஏழாம் எக்காளம்:
பார்த்தீர்களா, அதைத்தான் நானும் சொன்னேன். வரிசை!

கிரேக்க மாணவி:
நேர்கோட்டு வரிசையும் நிற்காது பிரதர். ஆறாம் முத்திரையில் நட்சத்திரங்கள் பூமியில் விழுகின்றன, வானம் சுருட்டப்பட்ட சுருள்போல விலகுகிறது, மலைகள் தீவுகள் எல்லாம் இடம்பெயர்கின்றன. பிறகு 8:12ல், நான்காம் எக்காளத்தில், நட்சத்திரங்களில் மூன்றில் ஒரு பங்கு இருளடைகிறது. எல்லாம் விழுந்த பிறகு எதில் மூன்றில் ஒன்று? 16:20ல் தீவுகளும் மலைகளும் மறுபடியும் காணாமல் போகின்றன.

ஏழாம் எக்காளம்:
விழுந்தவை எரிகற்களாக இருக்கலாம். ஆறாம் முத்திரை ஆரம்ப அதிர்ச்சிதான். சேதத்தின் அளவைப் பாருங்கள்: 6:8ல் பூமியில் காற்பங்கு, எக்காளங்களில் மூன்றில் ஒன்று, கலசங்களில் கணக்கே இல்லை, முழுவதும். ஏறுமுகமாகப் போவது எப்படி ஒரே சம்பவம் ஆகும்?

கிரேக்க மாணவி:
அந்த ஏறுமுகம் உண்மை. திரும்பச் சொல்லும் வாசிப்பு புதிதல்ல, 304 வாக்கில் மறைந்த பெத்தாவு பிஷப் விக்டோரினுஸ் எக்காளங்களையும் கலசங்களையும் அப்படித்தான் வாசித்தார். ஆனால் அவரோடு போகிறவர்கள் இந்தப் பின்னங்களுக்குச் சரியான பதில் சொல்வதில்லை.

எனக்குப் பிடித்த வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 8:1ல் ஏழாம் முத்திரை உடைகிறது. என்ன நடக்கிறது? அரைமணி நேரம் அமைதி. வேறு ஒன்றுமே இல்லை. உடனே ஏழு தூதர்களுக்கு எக்காளங்கள் கொடுக்கப்படுகின்றன. ஏழாம் முத்திரைக்குள்ளிருந்துதான் ஏழு எக்காளங்கள் வருகின்றன. ஒவ்வொரு ஏழின் முடிவிலும் சிங்காசனத்துச் சத்தம் பெருகுவதையும் கவனியுங்கள். 4:5ல் மின்னல், இடிமுழக்கம், சத்தம். 8:5ல் அதோடு பூமியதிர்ச்சி. 11:19ல் கல்மழையும். 16:18லிருந்து அந்தப் பூமியதிர்ச்சியும் கல்மழையும் இதுவரை இல்லாத அளவில். மூன்று ஏழும் ஒரே முடிவில் போய்ச் சேர்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் கிளம்பும் இடம் வேறு.

ராணிம்மா, படத்தில் 21 பெட்டிகளை ஒரே கோட்டில் வரையாதீர்கள். ஏழாம் பெட்டியைத் திறந்து அதற்குள் அடுத்த ஏழை வையுங்கள். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் 7ஆம் அதிகாரத்துக்கு ஓர் இடைவெளி விடுங்கள். எக்காளங்களிலும் அதே இடத்தில் 10:1 முதல் 11:13 வரை இடைவெளி வரும்.

விடியல் தூது:
எல்லோரும் சரித்திரத்தை மறந்தே போனீர்கள். ஆறாம் முத்திரையில் முதலில் பூமியதிர்ச்சி, பிறகு சூரியன் கறுக்கிறது, பிறகு நட்சத்திரங்கள் விழுகின்றன. லிஸ்பன் பூமியதிர்ச்சி 1755 நவம்பர் 1. நியூ இங்கிலாந்தில் பகல் இருண்டது 1780 மே 19. விண்கல் மழை 1833 நவம்பர் 13. வசனத்தின் வரிசை அப்படியே இருக்கிறது.

பத்மு கரை:
சகோ, வரிசை அழகுதான். ஆனால் 1780ன் இருட்டு நியூ இங்கிலாந்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை, காட்டுத்தீப் புகை அதில் இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் முறையிலேயே இருக்கிறது. சரித்திர வாசிப்பைச் சேர்ந்த எலியட் 1844ல் எழுதியபோது, அதே ஆறாம் முத்திரையைக் கான்ஸ்டன்டைன் காலத்தில் ரோமின் பழைய மதம் விழுந்ததாக வாசித்தார். முறை ஒன்று, விடைகளுக்கு நடுவே 1,400 வருஷம்.

முதல் நூற்றாண்டிலேயே வையுங்கள், எல்லாம் பொருந்தும். கறுப்புக் குதிரையைப் பாருங்கள்: ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை. ஒரு பணம் என்பது தெனாரியு, ஒரு நாள் கூலி. அந்தப் படி கிரேக்கத்தில் கொய்னிக்ஸ், ஏறக்குறைய ஒரு லிட்டர், ஒரு ஆளின் ஒரு நாள் சாப்பாடு. கூலி முழுவதும் ஒரு வயிற்றுக்கே போய்விடும். குடும்பம் பிழைக்க வேண்டுமானால் மூன்று படி வாற்கோதுமைக்கு இறங்க வேண்டும். எண்ணெயும் திராட்சரசமும் மட்டும் தொடப்படவில்லை. மாகாணங்களில் பாதித் திராட்சைத் தோட்டங்களை வெட்டச் சொன்ன ரோமப் பேரரசன் தொமித்தியானின் ஆணை நினைவுக்கு வரவில்லையா? மற்றபடி ஆறு முத்திரைகளும் 70ல் எருசலேம் விழுந்ததோடு முடிந்தன. "மலைகளே எங்கள்மேல் விழுங்கள்" என்பதை லூக்கா 23:30ல் எருசலேமின் குமாரத்திகளிடமே இயேசு சொல்லிவிட்டார்.

விடியல் தூது:
தொமித்தியானின் ஆணை 92 வாக்கில் வந்தது ஐயா. 70ல் முடிந்துபோன தரிசனத்துக்கு 92ன் ஆணை எப்படிச் சாட்சி? என் தேதிகளைக் கேலி செய்யும் முன் உங்கள் தேதிகளை எண்ணுங்கள்.

பத்மு கரை:
அந்த அடி விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆணையை விட்டுவிடுகிறேன், விலைக் கணக்கை விடமாட்டேன்.

கிரேக்க மாணவி:
ஆணையைச் சாட்சியாக எடுத்துக்கொண்டால், இரண்டாம் நூற்றாண்டு பிஷப் ஐரேனேயு சொன்ன தேதிக்கு, தொமித்தியான் ஆட்சியின் கடைசிக்கு, நீங்கள் வர வேண்டியிருக்கும். அந்த ஆணை நடைமுறைக்கு வரவில்லை என்றும் ரோம வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் எழுதியிருக்கிறார்.

திண்ணைவாசிக்கு, விட்ட இடத்துக்கு வருகிறேன். சுருளை எப்போது வாசிக்கிறார்கள்? 10ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பலமுள்ள வேறொரு தூதன் கையில் "திறக்கப்பட்ட ஒரு சிறு புஸ்தகம்". 5:2லும் பலமுள்ள தூதன்தான் வந்தான். அதை யோவான் வாங்கிச் சாப்பிடுகிறார், வாய்க்குத் தேன்போல இருக்கிறது. இது எசேக்கியேல் 3:3. அதாவது எசேக்கியேலின் ஒரே காட்சியில், இரு பக்கமும் எழுதியது 5ஆம் அதிகாரத்துக்கும், சாப்பிடுவது 10ஆம் அதிகாரத்துக்கும் போயிருக்கிறது. முத்திரையிட்ட அதே சுருள் இப்போது திறந்திருக்கிறது என்று வேத ஆய்வாளர் ரிச்சர்ட் பாக்கம் முதலானோர் வாதிடுவது இதனால்தான். எனக்கு இது உறுதியாகவே தோன்றுகிறது.

ஏழாம் எக்காளம்:
"சிறு" என்று வருகிறதே. வேறு சுருள்.

கிரேக்க மாணவி:
10:8ல் மூலத்தின் பழைய பிரதிகள் சிலவற்றில் "சிறு" இல்லை, 5:1ல் உள்ள அதே சொல்தான். நம் பழைய மொழிபெயர்ப்பு பின்பற்றிய மூலத்தில் அங்கேயும் சிறு புஸ்தகம்தான்.

ஏழாம் எக்காளம்:
அப்படியே வைத்துக்கொள்வோம். ஆறு முத்திரையும் ஆறு எக்காளமும் தாண்டித்தான் உள்ளடக்கம் வருகிறது என்றால், அந்த உள்ளடக்கம் எது? 11ஆம் அதிகாரத்து இரண்டு சாட்சிகள் மட்டுமா? 22 வரைக்குமா? இவ்வளவு பெரிய அழுகைக்குப் பிறகு பதின்மூன்று வசனம்தானா?

கிரேக்க மாணவி:
பாக்கம் 11:1–13ஐச் சுருக்கம் என்றும், 12லிருந்து விரிவு என்றும் கொள்கிறார். 10:11ல் "மறுபடியும் தீர்க்கதரிசனஞ் சொல்லவேண்டும்" என்பது அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் சுருள் எங்கே முடிகிறது என்று காட்டும் வசனம் ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வியில் நீங்கள் கேட்டது நியாயம்தான்.

சின்னராணி:
வெள்ளைக் குதிரைக்காரரை என்ன நிறத்தில் வரைவது? இயேசுவா, எதிரியா?

கிரேக்க மாணவி:
ஐரேனேயுவும் விக்டோரினுஸும் நல்லவராகத்தான் வாசித்தார்கள். ஆனால் 6:2ல் உள்ள கிரீடம் ஸ்டெபனோஸ், வெற்றி மாலை. 19:12ல் இயேசுவின் தலையில் இருப்பது டியாடேமா, ராஜமுடி. தமிழில் இரண்டும் கிரீடம். இங்கே வில், அங்கே வாயிலிருந்து பட்டயம். பின்னால் வரும் மூவரும் யுத்தம், பஞ்சம், மரணம். எனக்கு இவர் அந்த மூவரோடுதான் சேருகிறார்.

ஏழாம் எக்காளம்:
கடைசியில் அந்திக்கிறிஸ்துதானே!

கிரேக்க மாணவி:
அப்படிச் சொல்லவில்லை. வில்லேந்திய குதிரைவீரன் என்றால் அன்றைய ரோமருக்குக் கிழக்கெல்லை எதிரிகளான பார்த்தியர் ஞாபகம்தான் வரும். முகத்தை வரையாமல் விடுங்கள் ராணிம்மா, வில்லை மட்டும் பெரிதாக வரையுங்கள்.