உதவி: தப்பாகப் போட்ட கார்டு கட்டணத்தால் சிபில் இறங்கிவிட்டது, வீட்டுக்கடன் நிற்கிறது

வாடகைவீடு
நண்பர்களே, அவசரம். என் கிரெடிட் கார்டு ஆயுள் முழுக்க இலவசம் என்று சொல்லிக் கொடுத்தது. திடீரென்று ஆண்டுக் கட்டணம் போட்டார்கள். போன் பண்ணிச் சொன்னேன், எடுத்துவிடுகிறோம் என்றார்கள், அதனால் கட்டவில்லை. இப்போது வீட்டுக்கடனுக்குப் போனால் "ஓவர்டியூ இருக்கிறது, ஸ்கோர் 692" என்கிறார்கள். முன்பு 780க்கு மேல் இருந்தது. இதை எப்படிச் சரி செய்வது? கடன் அதிகாரி வேகமாகப் பதில் கேட்கிறார்.

குமரன்77
எவ்வளவு கட்டணம்? எந்த மாதம்? கட்டணத்தைத் திருப்பிப் போட்டார்களா இல்லையா? சிபில் மாதிரி கிரெடிட் தகவல் நிறுவனங்கள் நான்கு உண்டு, எதன் அறிக்கையைப் பார்த்தீர்கள்?

நெல்லைக்காரன்
இதற்கு ஏன் சார் இவ்வளவு டென்ஷன். கட்டணத்தை ரிவர்ஸ் பண்ணச் சொல்லுங்கள், ஸ்கோர் தானாக ஏறிவிடும். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் அந்த நிறுவனங்களுக்குக் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும். முன்பு போல மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

செல்வி_ஈரோடு
எனக்கும் இதேதான். என் பெயரிலேயே இருக்கிற வேறு யாரோ வாங்கிய பைக் லோன் என் அறிக்கையில் ஏறிவிட்டது. பான் நகலும் ஆதார் நகலும் அனுப்பித்தான் எடுக்க வைத்தேன். நீங்களும் பான் நகல் அனுப்புங்கள்.

குமரன்77
அக்கா, உங்களுடையது வேறு ஆளின் கடன். இவருடையது இவர் கார்டுதான், தொகைதான் தப்பு. பான் அனுப்பி இது தீராது.

கணக்கன்
இந்த இழைகளில் நான் எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது. ஸ்டேட்மென்டில் தொகை வந்தால் முதலில் கட்ட வேண்டும், அப்புறம் சண்டை போட வேண்டும். போனில் ஒரு பையன் சொன்னதை நம்பிக் கட்டாமல் விட்டது உங்கள் பொறுப்பு. அடிப்படையே தெரியாமல் கார்டு வைத்துக்கொண்டால் இப்படித்தான்.

வாடகைவீடு
கட்டணம் 499, ஜிஎஸ்டியோடு 588.82. கெடு மார்ச் 5. நான் போன் செய்தது மார்ச் 2, புகார் எண்ணோடு எஸ்எம்எஸ் இருக்கிறது. அந்த 588.82ஐ ஜூனில் திருப்பிப் போட்டுவிட்டார்கள். ஆனால் லேட் ஃபீயும் வட்டியும் அப்படியே நிற்கின்றன. சிபில் அறிக்கையில் மார்ச்சுக்கு 026, ஏப்ரலுக்கு 056, மேக்கு 087 என்று இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?

பழைய_கடன்பிரிவு
இதைத்தான் தம்பி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த எண்கள், அந்தந்த மாதக் கடைசியில் கெடு தாண்டி எத்தனை நாள் ஆகியிருந்தது என்பது. மார்ச் 5லிருந்து எண்ணிப் பாருங்கள், சரியாக வரும். நீங்கள் வேறு எதையும் விடவில்லை, இந்த ஒரே கட்டணத்தால்தான் மூன்று மாதமும் கெட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

நெல்லைக்காரன் சொன்னது பாதி சரி. நிலுவைத் தொகை பூஜ்யமானால் அடுத்த தகவலில் பூஜ்யம் என்று வந்துவிடும். ஆனால் பழைய மாதக் கட்டங்கள் தானாக மாறாது. அந்த மூன்று மாதத்துக்கும் திருத்திய தகவலை வங்கி மறுபடி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வருடம் அறிக்கையில் தெரிந்துகொண்டே இருக்கும். அதனால் "கட்டணத்தை எடுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். "மார்ச், ஏப்ரல், மே மாதங்களின் Days Past Due பதிவை 000 ஆக்கி, நான்கு கிரெடிட் தகவல் நிறுவனங்களுக்கும் திருத்தம் அனுப்புங்கள்" என்று மாதம் குறிப்பிட்டு எழுதுங்கள்.

உங்கள் பக்கம் வலுவான விஷயம் மார்ச் 2. கெடுவுக்கு முன்பே புகார் கொடுத்திருக்கிறீர்கள். கிரெடிட் கார்டுகள் பற்றிய ரிசர்வ் வங்கியின் உத்தரவில், தகராறு நிலுவையில் இருந்தால் அது தீர்ந்த பிறகுதான் தவணை தவறியதாகத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. தெரிவிப்பதற்கு முன் வாடிக்கையாளருக்குச் சொல்லவும் வேண்டும். அப்படி ஏதாவது அறிவிப்பு வந்ததா?

வாடகைவீடு
இல்லை சார், பணம் கட்டச் சொல்லும் எஸ்எம்எஸ் மட்டும்தான்.

கணக்கன்
உத்தரவெல்லாம் காகிதத்தில் நன்றாக இருக்கும். மீதி லேட் ஃபீயைக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கடன் போய்விட்டால் உத்தரவு வந்து வீடு கட்டித் தருமா?

குமரன்77
மூலக் கட்டணமே தப்பு என்று வங்கியே திருப்பிப் போட்டுவிட்டது. அதன் மேல் ஏறிய லேட் ஃபீ மட்டும் எப்படிச் சரியாகும்? இதைக் கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டது போல ஆகாதா?

கணக்கன்
தன்மானத்துக்காக எட்டு சதவீத வட்டிக் கடனை விட்டுவிட்டு, அப்புறம் பத்து சதவீதத்துக்கு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குமரன்77
எல்லோரும் கட்டிக்கொண்டே இருப்பதால்தான் இப்படி 499 போடுகிறார்கள்.

பழைய_கடன்பிரிவு
இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடன் அவசரம் என்றால், "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன், திருப்பித் தர வேண்டும்" என்று முதலில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கட்டலாம். ஆனால் வசூல் பிரிவிலிருந்து "பாதி கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்" என்று யாராவது கூப்பிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அறிக்கையில் Settled என்று ஏறிவிடும். கடன் கொடுப்பவர்களுக்கு அது 087ஐ விட மோசமாகத் தெரியும்.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு, இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள். கஸ்டமர் கேரை விட்டுவிட்டு வங்கியில் மேல்மட்டப் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். மார்ச் 2 எஸ்எம்எஸ், கட்டணம் திரும்பிய ஜூன் ஸ்டேட்மென்ட், இலவசம் என்று சொன்ன மடல் மூன்றையும் இணையுங்கள். அதோடு சிபில் தளத்தில் அறிக்கையின் Control Number போட்டு, அந்த மூன்று மாதத்தையும் குறித்து ஆட்சேபம் பதியுங்கள். சிபில் தானாகத் திருத்தாது, வங்கியிடம்தான் கேட்கும். வங்கிக்கு 21 நாள், மொத்தத்தில் 30 நாள். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து அந்த விதி இருக்கிறது.

"வங்கி தகவல் சரி என்று உறுதி செய்தது" என்று ஆட்சேபத்தை மூடிவிடவும் கூடும். திரையில் இருக்கும் தொகையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து அப்படி மூடுவதை நான் வேலையில் இருந்தபோது கண்டிருக்கிறேன். அப்போது மனம் விடாமல் அந்தப் பதிலையும் சேர்த்து cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனிடம் போங்கள். ஆனால் வங்கிக்கு எழுதி 30 நாள் ஆகியிருக்க வேண்டும், அல்லது அவர்கள் மறுத்துப் பதில் தந்திருக்க வேண்டும்.

செல்வி_ஈரோடு
தம்பி, ஸ்கோர் பார்க்கும் ஆப்பை மட்டும் நம்பாதீர்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மூன்றிலும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். என்னுடையது சிபிலில் சரியான பிறகும் வேறொன்றில் நின்றுகொண்டிருந்தது.

நெல்லைக்காரன்
பழைய மாதங்கள் மாறாது என்பது எனக்குப் புதுத் தகவல். அதுவரை வீட்டுக்கடன் வங்கி காத்திருக்குமா சார்?

பழைய_கடன்பிரிவு
அது அவர்கள் கையில். கார்டு வங்கி தன் தவறுதான் என்று கடிதம் கொடுத்தால் சில கிளைகள் ஏற்கும், சில இடங்களில் ஸ்கோர் மாறினால்தான் கோப்பே நகரும். கேட்டுப் பார்க்கலாம்.

வாடகைவீடு
அப்டேட்: நோடல் அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. லேட் ஃபீ, வட்டி எல்லாம் எடுத்துவிட்டார்கள். சிபிலில் மார்ச், ஏப்ரல் 000 ஆகிவிட்டது. மே மட்டும் இன்னும் 087. ஸ்கோர் 741. மேக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

குமரன்77
30 நாள் தாண்டியதா? அந்த 100 ரூபாய் இழப்பீடு வந்ததா? கிரிஃப் அறிக்கையைப் பார்த்தீர்களா?

பழைய_கடன்பிரிவு
மேக்குப் புதுப் புகாராகப் போட்டிருந்தால் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். பழைய புகார் எண்ணையே குறிப்பிட்டு, பாதிதான் திருத்தப்பட்டது என்று எழுதுங்கள்.

குமரன்77
@வாடகைவீடு, கடன் கிடைத்ததா என்று ஒரு வரி சொல்லுங்கள். என் தம்பிக்கும் இதே மாதிரி ஒரு கார்டு இருக்கிறது.