தேடினால் பக்கத்துச் சொல் மின்னுகிறது: இடம் பிசகிய எழுத்தடுக்கு

ஏட்டுக்கட்டு
தாத்தா வைத்திருந்த நாட்டு மருத்துவ நூல் ஒன்றை, 214 பக்கம், ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கினேன். ஓசிஆரும் ஓட்டி, தேடும் வசதியோடு பிடிஎஃப் தந்தார்கள். மறுநாள் "நிலவேம்பு" என்று தேடினேன். 57ஆம் பக்கத்தில், வரியின் முதல் சொல் அது. நீலப் பட்டையோ 'நி'யை விட்டுவிட்டு அடுத்த சொல்லின் தலையில் ஏறி நின்றது. நகலெடுத்து ஒட்டினால் "நிலவேம்பு" என்று ஒழுங்காகத்தான் வருகிறது. எழுத்து சரி, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் தவறு.

கடைக்காரரிடம் காட்டினேன். அவர் அதே பக்கத்தில் வலது ஓரத்துச் சொல்லின் மேல் இழுத்துக் காட்டி, "சரியாகத்தானே இருக்கிறது" என்றார். பார்த்தால் அங்கே உண்மையாகவே சரியாக இருந்தது. பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

மைக்கூடு
எனக்கு நேர்ந்திருக்கிறது. தாள் சாய்ந்திருந்தால் இப்படித்தான் ஆகும். ஓசிஆர் செய்யும்போது மென்பொருள் தனக்குள் படத்தை நிமிர்த்திப் படிக்கும். நமக்குத் தெரிவதோ சாய்ந்த படம். நான் யோசிப்பதே இல்லை, `--force-ocr --deskew` இரண்டையும் போட்டு `ocrmypdf` ஓட்டிவிடுவேன். எல்லாம் சரியாகிவிடும்.

தேன்மொழி_கொழும்பு
எனக்கும் இதே தொல்லைதான். திருமண அழைப்பிதழ் பிடிஎஃப் ஒன்றில் பெயர்களை நகலெடுத்தால் முழுவதும் ஆங்கில எழுத்தாக வந்து விழுகிறது. திரையில் அழகான தமிழ். இதற்கும் ஓசிஆரை மறுபடி ஓட்ட வேண்டுமா?

அச்சுக்கோப்பவர்
தேன்மொழி, உங்களுடையது வேறு நோய். அழைப்பிதழ் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைத்தது. உள்ளே ஆங்கில எழுத்துகளே இருக்கின்றன, எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. உங்களுக்குத் தேவை யூனிகோடு மாற்றி.

மைக்கூடு சொல்வது பாதி சரி. சாய்வாக இருந்தால் பட்டை வரியின் ஒரு முனையில் பொருந்தி, மறுமுனைக்குப் போகப் போக மேலேயோ கீழேயோ விலகும். ஏட்டுக்கட்டு சொல்வதில் பட்டை அதே வரியில்தான் இருக்கிறது, பக்கவாட்டில்தான் பிசகுகிறது. எனவே சாய்வு அல்ல. `--force-ocr` பக்கம் முழுவதையும் புதிதாகப் படமாக்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். கோப்பு பெருக்கும், மங்கிய அச்சு இன்னும் மங்கும்.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அளந்து பாருங்கள்:

```
pdftotext -bbox -f 57 -l 57 nool.pdf p57.html
pdftoppm -r 72 -f 57 -l 57 -png nool.pdf p57
pdfimages -list -f 57 -l 57 nool.pdf
```

முதல் கட்டளை ஒவ்வொரு சொல்லும் எந்த இடத்தில் இருப்பதாக எழுத்தடுக்கு நினைக்கிறது என்பதைப் புள்ளிக்கணக்கில் தரும். இரண்டாவது, பக்கத்தை 72 டிபிஐயில் படமாக்கும். அதில் ஒரு பிக்சல் ஒரு புள்ளிக்குச் சமம். படத்தில் சொல் தொடங்கும் இடத்தில் சுட்டியை வைத்து எண்ணைப் பாருங்கள், ஒப்பிட்டுவிடலாம். ஒரே வரியில் இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். 58ஆம் பக்கத்தையும் சேர்த்து.

ஏட்டுக்கட்டு
அளந்தேன். 57ஆம் பக்கம்: இடது ஓரத்தில் அடுக்கு 40 என்கிறது, படத்தில் 26 அல்லது 27. நடுவில் 216, படத்தில் 208 அல்லது 209. வலது ஓரத்தில் வரி முடியும் இடம் 392, படத்தில் 391. மேலும் கீழும் பிசகே இல்லை.

58இல் எல்லாம் தலைகீழ். இடது ஓரத்தில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். வலது ஓரத்தில் பதின்மூன்று, ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர்.

`pdfimages` காட்டியது: அகலம் 1740, உயரம் 2700, x-ppi 290, y-ppi 300. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

அச்சுக்கோப்பவர்
இருக்க வேண்டும். அதில்தான் திருடன் அகப்பட்டான். பக்கம் 6 அங்குல அகலம். 300 டிபிஐயில் 1800 பிக்சல் இருந்திருக்க வேண்டும். 60 பிக்சலைக் காணவில்லை.

நடந்தது இதுவாக இருக்கும். முதலில் ஓசிஆர் ஓட்டியிருக்கிறார்கள். பிறகு தையல் பக்கம் விழுந்த கறுப்பு நிழல் கண்ணை உறுத்தியிருக்கிறது. படங்களை வெளியே எடுத்து, நிழல் இருந்த 60 பிக்சலை வெட்டி, பழைய பக்க அளவுக்கு இழுத்து மீண்டும் உள்ளே வைத்திருக்கிறார்கள். எழுத்தடுக்கு பழைய இடத்திலேயே இருந்துவிட்டது. ஒற்றைப்படைப் பக்கத்தில் தையல் இடப்புறம், இரட்டைப்படையில் வலப்புறம். பிசகு மாறி மாறி வருவது அதனால்தான். கடைக்காரர் காட்டியது இழுவை தொடாத ஓரத்தை.

மறுபடி செய்ய:

```
ocrmypdf --redo-ocr -l tam nool.pdf nool2.pdf
```

இது கண்ணுக்குத் தெரியாத பழைய அடுக்கை எடுத்துவிட்டு, இப்போதிருக்கும் படத்தைப் படித்துப் புதிய அடுக்கு வைக்கும். படத்தைத் தொடாது. இதோடு `--deskew` சேர்க்க முடியாது, மென்பொருளே மறுத்துவிடும்.

பனையோலை
ஓர் எச்சரிக்கை. நான் `--redo-ocr` ஓட்டிய கோப்பில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை வந்தது. "கோயில் கோயில் நிலம் நிலம்" என்று, ஏதோ பஜனை போல. பழைய அடுக்கு ஒளிந்திருந்த விதம் வேறு: சாதாரண எழுத்தாகவே எழுதி, மேலே படத்தைப் போட்டு மூடியிருந்தார்கள். மென்பொருள் அதைப் பழைய ஓசிஆர் என்று கண்டுகொள்ளவில்லை. கடைசியில் நானும் `--force-ocr`க்குத்தான் போனேன். ஆகவே மைக்கூடு சொன்னதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஓட்டி முடித்ததும் `pdftotext` எடுத்து நாலு பக்கம் வாசித்துப் பாருங்கள்.

மைக்கூடு
நன்றி. ஆனாலும் படம் அகலவாக்கில் மூன்றரை விழுக்காடு இழுபட்டிருக்கிறதே, அதை அப்படியே விடலாமா? எழுத்து எல்லாம் கொஞ்சம் தொப்பை போட்டிருக்கும்.

அச்சுக்கோப்பவர்
எனக்கு உறுத்தாது. உங்களுக்கு உறுத்தினால் படங்களை வெளியே எடுத்து இரு திசையிலும் 300 டிபிஐ வைத்துப் புதிய பிடிஎஃப் கட்டி, அதன் மேல் ஓசிஆர் ஓட்டுங்கள்.

ஏட்டுக்கட்டு
ஓட்டிவிட்டேன். இரட்டைச் சொல் இல்லை. 57இலும் 58இலும் பட்டை சொல்லின் மேல் கச்சிதமாக உட்காருகிறது; மூன்று இடத்திலும் ஒரு புள்ளிக்கு மேல் வித்தியாசம் இல்லை.

ஆனால் புதுச் சிக்கல். நூல் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. கொம்பு போட்ட பழைய 'லை', 'னை' வரும் இடமெல்லாம் புதிய அடுக்கு உளறுகிறது. "இலை"யைத் தேடினால் கிடைப்பதில்லை. மருத்துவ நூலில் இலை கிடைக்காவிட்டால் வேறு என்ன கிடைக்கும்! கடையின் பழைய அடுக்கு, இடம் தவறினாலும், இதைச் சரியாகப் படித்திருந்தது. பழைய கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அச்சுக்கோப்பவர்
நல்ல வேளை, அழிக்கவில்லை. அப்படியானால் பழைய அடுக்கையே நகர்த்துங்கள். பிசகு ஒரே கணக்கில் இருப்பதால் முடியும். `qpdf --qdf --object-streams=disable` போட்டுக் கோப்பை விரித்து, எழுத்துப் பகுதியை மட்டும் `q` … `Q` இரண்டுக்கும் நடுவில் வைத்து, `q`வை அடுத்து இதைச் செருகுங்கள்:

```
1.0345 0 0 1 -14.9 0 cm
```

1800ஐ 1740ஆல் வகுத்தால் 1.0345. வெட்டிய 60 பிக்சல் 14.4 புள்ளி, அதுவும் இழுபட்டு 14.9. இது ஒற்றைப்படைப் பக்கத்துக்கு. இரட்டைப்படையில் -14.9க்குப் பதில் 0. முடித்ததும் `fix-qdf` ஓட்டுங்கள். படத் தரவும் அதே கோப்பில் இருப்பதால், அதைச் சிதைக்காத எடிட்டரில் திறக்க வேண்டும்.

பனையோலை
எல்லாப் பக்கத்திலும் சரியாக 60தான் வெட்டினார்கள் என்று எப்படித் தெரியும்?

ஏட்டுக்கட்டு
இப்போதுதான் `pdfimages` பட்டியலை முழுவதும் பார்த்தேன். 120ஆம் பக்கம் வரை 1740. அதற்குப் பிறகு 1752, 1731 என்று பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. கையால் வெட்டியிருப்பார்கள் போல. முதல் 120 பக்கத்துக்கு இந்த வழியில் இன்றிரவு உட்காருகிறேன். மீதிக்கு ஒவ்வொரு பக்க அகலத்தையும் படித்து எண்ணை மாற்றும் சிறு நிரல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.