லால்பாக் பனோரமாவில் ஒரே ஆள் இரண்டு இடத்தில்: மாஸ்க் போடுவதா, குளோன் செய்வதா?

நித்யா, ஜெயநகர்: பெங்களூரு லால்பாக் பூங்காவின் கிளாஸ் ஹவுஸைக் காலை நேரத்தில், கேமராவைக் கையில் பிடித்தே ஐந்து படங்களாக எடுத்து, ஹியூகின் மென்பொருளில் ஒரே அகலப் படமாக ஒட்டினேன். நீலச் சட்டைக்காரர் ஒருவர் இரண்டு இடத்தில் முழுசாக இருக்கிறார். ஒரு அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே புகை மாதிரி கலைந்துவிட்டது. முன்னால் இருக்கும் கம்பி வேலியும் இரட்டையாகத் தெரிகிறது. எப்படி அழிப்பது?

முரளி: ஒட்டி முடித்த படத்தை ஜிம்ப்பில் திறந்து, பக்கத்துப் புல்லைக் குளோன் செய்து மேலே தடவுங்கள். அடுத்த தடவை ஒரே இடத்தைப் பல படம் எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் நடு மதிப்பை எடுக்கும் மீடியன் போட்டுவிட்டால் நடப்பவர்கள் தானாகவே மறைவார்கள்.

தண்டபாணி: முரளி தம்பி, மீடியன் நல்ல வழிதான், ஆனால் ஒரே இடம் குறைந்தது மூன்று படத்திலாவது இருக்க வேண்டும். நித்யாவிடம் ஒட்டும் இடத்தில் இருப்பது இரண்டே படம். இரண்டுக்கு மீடியன் எடுத்தால் அது வெறும் சராசரி. அந்த அம்மா இன்னும் புகையாகத்தான் போவார்.

நித்யா, நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு கோளாறு. நீலச் சட்டைக்காரர் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நடந்து போயிருக்கிறார், அதனால் இரண்டு படத்திலும் முழு ஆளாக விழுந்தார். அந்த அம்மா மேல் ஒட்டுக்கோடே போயிருக்கிறது.

ஹியூகினில் Masks பக்கத்துக்குப் போய் நீலச் சட்டைக்காரர் இருக்கும் ஒரு படத்தைத் திறந்து, அவரைச் சுற்றிக் கோடு போட்டு Exclude region கொடுங்கள். நிழலையும் சேர்த்துச் சுற்றுங்கள். காலை வெயிலில் நிழல் நீளமாக விழும். ஆள் போய் நிழல் மட்டும் நின்றால் இன்னும் விகாரமாக இருக்கும். சட்டையை ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் தள்ளியே போடுங்கள், இல்லையென்றால் ஓரத்தில் நீலம் கசியும். அந்த இடத்தை அடுத்த படம் நிரப்பிக்கொள்ளும், அதுவும் நிஜப் புல்லாக.

ரஃபீக்: எனக்கும் இதே தொல்லை. போனில் பனோரமா மோடில் எடுத்தேன், என் பையன் மூன்று கையோடு வந்திருக்கிறான். மாஸ்க் எங்கே போடுவது?

தண்டபாணி: ரஃபீக் பாய், போன் ஒட்டி முடித்த ஒரே படத்தைத்தான் வைத்திருக்கும், தனித்தனிப் படங்கள் இருக்காது. உங்களுக்கு முரளி சொன்ன குளோன்தான் வழி.

முரளி: பார்த்தீர்களா! புல்வெளியில் நிற்கும் ஒரு ஆளைத் தடவி எடுக்க இரண்டு நிமிடம். அதற்கு மறுபடி முழுசாக ஒட்ட வேண்டுமா?

தண்டபாணி: புல்லில் சரி, நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் ஆள் கிளாஸ் ஹவுஸ் இரும்புச் சட்டத்துக்கு முன்னால் நின்றால்? வளைவு ஒரு மயிரிழை விலகினாலும் கண்ணில் குத்தும்.

நித்யா: சார், நீலச் சட்டைக்காரர் ஒரு இடத்தில் சுத்தமாகப் போய்விட்டார். அந்த அம்மாவை இரண்டு படத்திலும் மாஸ்க் செய்தேன், அங்கே கறுப்பாக ஓட்டை விழுகிறது.

தண்டபாணி: அவர் நின்ற இடம் இரண்டு படத்திலும் ஏறக்குறைய ஒன்றேதான். இரண்டையும் விலக்கினால் நிரப்ப எதுவும் இல்லை. ஒன்றில் மட்டும் விலக்குங்கள், அவர் முழு ஆளாக நிற்பார். பூங்காவில் ஒருவர் நிற்பது அழகுதானே.

முரளி: நித்யாவுக்கு வேண்டியது காலியான படம். ஒன்றில் விலக்கி அந்த அம்மாவை முழுசாக்கி, அப்புறம் அவரைக் குளோனில் எடுக்கலாம். புகையைத் தடவுவதைவிட முழு ஆளைத் தடவுவது சுலபம்.

தண்டபாணி: அது சரியான யோசனை.

நித்யா: வேலி?

தண்டபாணி: அது நடந்தவர்களால் வந்தது அல்ல. பின்னால் கிளாஸ் ஹவுஸ் கூர்மையாக இருந்து வேலி மட்டும் இரட்டித்தால், நீங்கள் திரும்பும்போது கேமராவும் இடம் மாறியிருக்கிறது. கைக்கு அருகில் இருப்பதுதான் அதிகம் நகரும். கட்டடமும் சேர்ந்து இரட்டித்தால் வேறு கதை: இரண்டு படத்தையும் பொருத்த ஹியூகின் வைக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் நடப்பவர்கள் மேல் விழுந்து படத்தையே இழுத்திருக்கும். பட்டியலில் Distance பெரிதாக இருப்பவற்றைப் பார்த்து, ஆள் மேல் உள்ளவற்றை நீக்கி, மறுபடி Optimize கொடுங்கள்.

நித்யா: கட்டடம் கூர்மை. வேலி மட்டும்தான்.

தண்டபாணி: அப்படியென்றால் வேலியை ஒரே படத்திலிருந்து வரவையுங்கள், மற்றதில் அதை விலக்குங்கள். மாஸ்க் முடியும் இடத்தில் கம்பி ஒரு படி ஏறி இறங்கும். கம்பத்துக்குப் பின்னால் அந்த முனை வருகிற மாதிரி வரைந்தால் பாதி மறையும்.

முரளி: நான் அந்த முனையைக் கையால் இழுத்துச் சேர்த்துவிடுவேன்.

தண்டபாணி: சேரும், ஆனால் வேலி நேர்க்கோடாக இருக்காது. அடுத்த முறை டிரைபாடில், லென்ஸை முன்னாலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும் துளையை அச்சாக வைத்துத் திருப்பி, ஒரு படத்தில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் வருகிற மாதிரி எடுங்கள். அப்போது இரு ஓரங்களைத் தவிர ஒவ்வொரு இடமும் இரண்டு படத்திலாவது இருக்கும்.

முரளி: லால்பாக்கில் டிரைபாட் நிறுத்தினால் காவலாளி வந்து கேட்பாரே?

நித்யா: அதனால்தான் கையில் எடுத்தேன். வேலியைத் தவிர்த்து இரண்டடி பின்னால் நின்று எடுத்துப் பார்க்கிறேன்.