[கலைச்சொல்] மின்சாரம் போன பிறகும் நேரம் காக்கும் சில்லு: மூன்று சொற்கள்

வளர்மதி:

வணக்கம். மின்னணுக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும்போது மூன்று இடங்களில் நிற்கிறேன்.

முதலாவது, ஆர்டிசி சில்லின் பெயர். ‘நிகழ்நேரக் கடிகாரம்’ என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் இதே கையேட்டில் நிகழ்நேர இயக்குதளம் பற்றியும் ஓர் அத்தியாயம் உண்டு. அங்கே நிகழ்நேரம் என்றால் கெடுவுக்குள் வேலையை முடிப்பது. இந்தச் சில்லுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘ஓயாக்கடிகாரம்’ என்று வைக்கலாமா?

இரண்டாவது, அதன் பக்கத்தில் உட்காரும் வட்ட மின்கலம். ‘காப்பு மின்கலம்’ போதுமா?

மூன்றாவது, DS3231 என்னும் ஆர்டிசி சில்லில் OSF, அதாவது Oscillator Stop Flag, என்ற கொடி. ‘நிறுத்தக் கொடி’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

இளங்கோ:

காப்பு மின்கலம் நல்ல சொல்தான். ஆனால் அதன் திறனையும் கையேட்டில் சொல்லிவிடுங்கள். மின்சாரம் போனால் கணினியை எத்தனை நிமிடம் தாங்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள்.

செந்தில்:

இளங்கோ, நீங்கள் நினைப்பது யுபிஎஸ். இந்த மின்கலம் கணினியை ஒரு நொடிகூடத் தாங்காது. சில்லுக்குள் இருக்கும் அலையியற்றியும் நாள், நேரம் எண்ணும் பதிவகங்களும் மட்டும்தான் இதன் பொறுப்பு. DS3231 மின்கலத்தில் ஓடும்போது இழுப்பது சுமார் 1 மைக்ரோஆம்பியர், அதிகபட்சம் 3. CR2032 மின்கலத்தின் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லிஆம்பியர் மணி. 3 மைக்ரோஆம்பியர் என்று கடுமையாகவே கணக்கிட்டாலும் எட்டு ஆண்டு வரும். 1 என்று போட்டால் 25 ஆண்டு. ஆனால் அதற்கு முன்பே மின்கலம் தன் வயதால் தளர்ந்துவிடும்.

‘காப்பு’ என்றதும் உங்களுக்கே யுபிஎஸ் நினைவு வந்தது பாருங்கள். அதனால் ‘கடிகார மின்கலம்’ என்பது என் முன்மொழிவு. எதற்கு மின்சாரம் தருகிறது என்பது பெயரிலேயே இருக்கிறது.

‘ஓயாக்கடிகாரம்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. மின்கலமும் தீர்ந்தால் அது ஓயத்தான் செய்யும். ஓய்ந்ததைச் சொல்லத்தான் OSF கொடியே இருக்கிறது.

கயல்:

கடிகார மின்கலத்துக்கு என் ஓட்டு. கூடவே ‘மின்னேற்றக் கடிகார மின்கலம்’ என்று ஒரு பதிவும் வேண்டும். சந்தையில் கிடைக்கும் DS3231 பலகைகள் பலவற்றில் மின்னேற்றச் சுற்றும் இருக்கிறது. அவற்றில் LIR2032 போட்டுவிட்டால் மின்கலத்தை மாற்றும் வேலையே இல்லை.

செந்தில்:

பாதி சரி, கயல். ZS-042 என்று அச்சிட்ட நீலப் பலகையில் 200 ஓம் மின்தடை ஒன்றும் டயோடு ஒன்றும் தொடராக, VCC-இலிருந்து மின்கலத்துக்குப் போகின்றன. அவ்வளவுதான் மின்னேற்றச் சுற்று. எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. 5 வோல்ட் கொடுத்தால் டயோடு இழப்பு போக நாலரை வோல்ட் அளவுக்கு ஏறும். LIR2032 தாங்குவது 4.2 வரைதான். 3.3 வோல்ட் கொடுத்தால் நேர்மாறு: 2.7 அளவோடு நின்றுவிடும், ஆகவே LIR2032 நிறையவே நிறையாது. அதன் கொள்ளளவும் CR2032-இல் ஐந்தில் ஒரு பங்குதான்.

இதைவிட மோசம், அந்தப் பலகையில் சாதாரண CR2032 போட்டு 5 வோல்ட் கொடுப்பது. மின்னேற்றக் கூடாத மின்கலத்தில் மின்னோட்டம் புகுந்து அது உப்பும், கசியும். அந்த 200 ஓம் மின்தடையையோ டயோடையோ கழற்றிவிட்டு CR2032 போடுவதுதான் சரி. கழற்றினாலும் சில்லுக்கு ஒன்றும் ஆகாது. மின்கலத்திலிருந்து VBAT-க்குப் போகும் வழி வேறு. கையேட்டில் இந்தக் குறிப்பு இருந்தால் சொல்லைவிட அது பயன்படும்.

முத்து:

பேச்சோடு பேச்சாக என் பிரச்சினையையும் சொல்லிவிடுகிறேன். வெப்பநிலை பதியும் கருவி, அதே நீலப் பலகை. மின்சாரம் போய் வந்தால் நேரம் தவறிவிடுகிறது. மின்கலத்தை மாற்றியும் பயனில்லை. அளந்தால் 3.0 வோல்ட் காட்டுகிறது. போலிச் சில்லா?

செந்தில்:

தவறிப்போய் எந்த நேரத்தைக் காட்டுகிறது? அதைச் சொன்னால் பாதி விடை கிடைக்கும்.

2000 ஜனவரி 1, 00:00 என்று தொடங்கினால், சில்லுக்கு மின்கலம் எட்டவே இல்லை: தாங்கியில் தொடர்பு இல்லை, மின்கலம் தலைகீழ், அல்லது சால்டர் விட்டிருக்கிறது. மின்சாரத்தை எடுத்துவிட்டுச் சில்லின் VBAT காலிலேயே அளக்க வேண்டும். மின்கலத்தின் முகத்தில் அளந்தால் இது தெரியாது.

மின்சாரம் போன நொடியிலிருந்தே தொடர்ந்தால், மின்கலம் பதிவகங்களைக் காத்திருக்கிறது, அலையியற்றி மட்டும் நின்றிருக்கிறது. 0x0E பதிவகத்தில் EOSC என்னும் 7-ஆம் பிட் 1 ஆக இருக்கும். 0 ஆக்குங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே பழைய நேரத்துக்குத் திரும்பினால், குற்றவாளி உங்கள் நிரல்.

முத்து:

மூன்றாவதுதான். எப்போதும் போன செவ்வாய் மாலை 6:42.

செந்தில்:

அது நீங்கள் நிரலைத் தொகுத்த நேரம். எடுத்துக்காட்டிலிருந்து எடுத்த `rtc.adjust` வரி `setup()`-க்குள் நிபந்தனை இல்லாமல் கிடக்கும். சில்லு இரவெல்லாம் சரியாக எண்ணியதை, மின்சாரம் வந்ததும் நீங்களே அழிக்கிறீர்கள். இப்படி மாற்றுங்கள்:

```
if (rtc.lostPower()) {
  rtc.adjust(DateTime(F(__DATE__), F(__TIME__)));
}
```

`lostPower()` படிப்பது 0x0F பதிவகத்தின் 7-ஆம் பிட்டை, அதாவது வளர்மதி கேட்ட OSF-ஐ. `adjust` செய்ததும் அது 0 ஆகிவிடும். ஆனால் கொடி ஏறியிருக்கும்போது தொகுத்த நேரத்தை எழுதுவதும் மேசையில் சோதிக்கும் வரைதான் சரி. களத்தில் இருக்கும் கருவி அப்படிச் செய்தால் தவறான நேரத்தை நம்பகமானது என்று முத்திரை குத்துகிறது. அங்கே ‘நேரம் தெரியாது’ என்று பதிவதே மேல்.

லினக்ஸில் பார்க்க:

```
i2cget -f -y 1 0x68 0x0f
```

0x88 வந்தால் கொடி ஏறியிருக்கிறது, 0x08 என்றால் இல்லை. `hwclock -w` கொடுத்து நேரத்தை எழுதிய பிறகு மீண்டும் பாருங்கள்.

வளர்மதி:

அப்படியானால் ‘நிறுத்தக் கொடி’ தவறு. அது நிறுத்தச் சொல்லும் கட்டளை போல ஒலிக்கிறது. அந்த வேலையைச் செய்வது EOSC. ‘மின்னிழப்புக் கொடி’ என்றால்?

செந்தில்:

அதுவும் வேண்டாம். `lostPower()` என்று செயற்கூற்றின் பெயரையே அப்படி வைத்துக் குழப்பிவிட்டார்கள். மின்சாரம் நூறு முறை போகட்டும், மின்கலம் நன்றாக இருந்தால் OSF ஏறாது. அலையியற்றியின் ஓட்டம் ஒருமுறை அறுந்தால்தான் ஏறும், நாம் அழிக்கும்வரை இறங்காது.

கயல்:

‘ஓட்டமறுப்புக் கொடி’?

வளர்மதி:

மறுப்பு என்று படித்துவிடுவார்கள். ‘ஓட்டமுறிவுக் கொடி’ என்று வைக்கிறேன். கடிகார மின்கலமும் சேர்ந்தாயிற்று. சில்லுக்குத்தான் இன்னும் பெயரில்லை. ‘நாள்நேரச் சில்லு’ என்றால் அது வைத்திருப்பதை நேராகச் சொல்லும். ஆண்டு, மாதம், நெட்டாண்டு எல்லாம் அதற்குள் இருக்கிறதே.

இளங்கோ:

தேடுபொறியில் ‘நிகழ்நேரக் கடிகாரம்’ என்றுதான் தட்டுவார்கள். வழக்கில் வந்துவிட்டதை ஏன் மாற்ற வேண்டும்?

செந்தில்:

நாள்நேரச் சில்லு எனக்குச் சம்மதம். ஆனால் கணினிப் பலகைகளில் இது தனிச் சில்லாக இல்லாமல் பெரிய சில்லுக்குள்ளேயே இருப்பதும் உண்டு. அங்கே ‘சில்லு’ பொருந்தாது.

முத்து:

நிபந்தனை போட்டேன், இப்போது சரியான நேரம் வருகிறது. ஒரு கேள்வி: மின்கலத்தை மாற்றும்போது கருவியை அணைக்க வேண்டுமா?

செந்தில்:

அணைக்காதீர்கள். VCC இருக்கும்போதே மாற்றினால் ஓட்டம் அறாது. இரண்டையும் ஒன்றாக எடுத்தால் நேரம் போய்விடும். அதன்பின் புது மின்கலத்தை மட்டும் போட்டாலும் அலையியற்றி உடனே தொடங்காது; VCC வந்த பிறகுதான் ஓடும். மின்கலத்தின் விளிம்பு பக்கத்துச் சால்டர் முனையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 200 ஓம் மின்தடையைக் கழற்றிவிட்டீர்களா?

முத்து:

இல்லை. 5 வோல்ட்தான் கொடுத்திருக்கிறேன். இப்போதே கழற்றுகிறேன்.