புதுப்பிப்பு: கணுக்களில் வரிசை 6 ஏன் வரவில்லை

முதலில் கேட்டது: "இரண்டாம் வரிசை எல்லை மதிப்புக் கணக்கு. துண்டுக்கு மூன்று கொலொகேஷன் புள்ளிகள். கணுக்களில் 6 வரணும், 4தான் வருது. ஏன்?"

புள்ளிகள்தான் காரணம். 1/4, 1/2, 3/4 என்று சம இடைவெளியில் வைத்திருந்தேன். "ரவுண்டிங் பிழையாக இருக்கும்" என்றார் ஒருவர். அப்படியானால் துண்டின் நீளம் h மிகச் சிறிதான பிறகு பிழை குறையாமல் நிற்கும். இங்கே h பாதியாகும்போதெல்லாம் பிழை ஒழுங்காக 16-ல் ஒரு பங்கானது.

சரியாகப் பிடித்தவர் சொன்னது: (t−c₁)(t−c₂)(t−c₃) என்ற பெருக்கத்தை 1, t, t² ஒவ்வொன்றாலும் தனித்தனியே பெருக்கி 0 முதல் 1 வரை தொகையிட்டால் சுழி வர வேண்டும். சம இடைவெளியில் 1-க்கு மட்டும் வருகிறது, அதனால் வரிசை 3+1. காஸ் புள்ளிகளில் மூன்றுக்கும் வருகிறது, 3+3.

```
c = 1/2 + sqrt(15)/10 * [-1, 0, 1]
```

இந்த ஒரு வரியை மாற்றியதும் கணுக்களில் பிழை 64-ல் ஒரு பங்காகக் குறைகிறது, சரிவிலும் அப்படியே. துண்டின் உள்ளே 32-ல் ஒரு பங்குதான், அங்கே வரிசை 5. அது குறையல்ல, நான்காம் படிப் பல்லுறுப்பி அதற்கு மேல் தராது.

இன்னொருவருக்கு காஸ் புள்ளிகள் இருந்தும் 6 வரவில்லை. அவருடைய கெழு x=1/3-ல் முறிகிறது. [0,1]-ஐ எத்தனை முறை பாதியாக்கினாலும் 1/3 கணுவாகாது. அங்கே ஒரு கணு வைத்தே ஆக வேண்டும். முறியும் இடம் தீர்வைப் பொறுத்து நகர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அது இன்னும் திறந்தே இருக்கிறது.