தம்பியின் சிகிச்சை விடுப்புக் கடிதம், பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். என் தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு கிளார்க். ஆன்லைன் ரம்மியை விட முடியாமல் தவித்தவன், இப்போது தானாகவே மனநல மருத்துவரிடம் போயிருக்கிறான். அட்மிட் ஆகச் சொல்கிறார்கள். மேனேஜருக்கு அவன் எழுதியது:

"ஐயா, மருத்துவர் ஆலோசனைப்படி 4 வாரம் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற வேண்டியுள்ளது. சான்று இணைத்துள்ளேன். மருத்துவ விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கேஷ் பெட்டிச் சாவி, பில் புத்தகங்களை இருப்பு சரிபார்த்து ஒப்படைக்கிறேன். திரும்பி வந்தபின் சில மாதம் பணம் கையாளாத வேலை தந்தால் உதவியாக இருக்கும்."

கடைசி வரி கவுன்சலர் சொல்லி எழுதியது. கையில் பணம் புழங்கினாலே ஆடும் வெறி கிளம்பிவிடுமாம். ஆனால் அதைப் படித்ததும் ஏன் என்று கேட்பார்கள். சூதாட்டம் என்றால் நோய் என்று யார் நினைக்கிறார்கள்? கையாடல் என்றுதான் முதலில் சந்தேகம் வரும். அதனால்தான் இருப்பு சரிபார்ப்பதை நானே சேர்க்கச் சொன்னேன். இருவரும் கையெழுத்திட்ட நகல் அவனிடமும் இருக்கட்டும்.

நோயின் பெயரைக் கடிதத்தில் எழுதலாமா, மேனேஜரிடம் நேரில் மட்டும் சொல்லலாமா?

இன்னொன்று, அவனுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை தருவார்கள். அட்மிட் ஆகப்போவது தனியார் மருத்துவமனை. அந்தச் சான்றை வைத்து வாங்கியவர்கள் இருந்தால், டிஸ்பென்சரியில் முதலில் யாரைப் பார்ப்பது என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை கடிதம் கொடுக்க வேண்டும்.