அறை வாடகையைக் காட்டி ரூ.60,000 கழித்துவிட்டார்கள், புகாருக்கும் பதிலில்லை

கோபிக்காரர்: அம்மாவின் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குக் கோவையில் ரூ.1,80,000 ஆனது. மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் அறை வாடகை வரம்பு ரூ.4,000, நாங்கள் எடுத்தது ரூ.6,000 அறை. அதனால் மொத்த பில்லிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டார்கள். 2024 செப்டம்பர் 3 அன்று நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன்; 6ஆம் தேதி சேர்ந்தது. பிப்ரவரி பிறந்தும் பதிலில்லை. அடுத்து எங்கே போவது?

பெருந்துறையார்: ஈரோடு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுங்கள் தம்பி. கூடவே காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனுக்கும் எழுதுங்கள். இரண்டில் ஒன்று விழாமலா போகும்?

நொய்யல்கரை: அங்கேதான் சிக்கல், அண்ணா. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் புகாரை ஏற்கமாட்டார். முதலில் ஆம்புட்ஸ்மேன், தீர்ப்பு பிடிக்காவிட்டால் பிறகு ஆணையம். அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்தும், நம்மை அல்ல. கட்டணமும் வக்கீலும் தேவையில்லை.

தம்பி, உங்கள் கடிதம் சேர்ந்து ஒரு மாதம் பதில் வராததால் அக்டோபர் 6 கழிந்ததுமே உங்களுக்கு வழி திறந்துவிட்டது. ஆனால் ஓராண்டுக் கெடுவுக்கான அந்த ஒரு மாதத்தைக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஆகவே 2025 அக்டோபர் 3க்குள் புகார் போய்ச் சேர வேண்டும். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

திருப்பூர் அக்கா: எங்கள் வேன் விபத்துக்கு ஏஜென்டிடம் நூறு முறை போனில் சொல்லியிருக்கிறேன். அதுவும் புகார்தானே?

நொய்யல்கரை: இல்லை அக்கா. நிறுவனத்துக்கு எழுத்தில் போயிருக்க வேண்டும். இன்றே ஒரு கடிதம் போடுங்கள்.

பெருந்துறையார்: வழக்கு விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரூ.60,000 முழுவதையும் கேட்கட்டும். குறைத்துக் கேட்டால் அதையும் குறைப்பார்கள்.

நொய்யல்கரை: எனக்கு உடன்பாடில்லை. வரம்பை மீறி அறை எடுத்தது உண்மை. ஆனால் மருந்து, உள்ளே பொருத்திய செயற்கை மூட்டு, பரிசோதனைகள் ஆகியவற்றில் அறை வாடகை விகிதத்தில் கழிக்கக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. பில்லில் அவை ரூ.90,000 என்றால் தவறாகக் கழித்தது ரூ.30,000. பக்க எண்ணோடு அதைக் காட்டிக் கேட்பதே பலம்.

கோபிக்காரர்: ஏறக்குறைய அவ்வளவுதான் வருகிறது. எவற்றை இணைக்க வேண்டும்?

நொய்யல்கரை: புகார்க் கடிதத்தின் நகலும் தபால் ஒப்புகை அட்டையும்தான் உயிர், அவை இல்லாமல் தேதியை நிரூபிக்க முடியாது. பிறகு நிபந்தனைகளோடு முழு பாலிசி, எவ்வளவு கழித்தார்கள் என்று காட்டும் கடிதம், விவரமான பில், டிஸ்சார்ஜ் சம்மரி. பாலிசி யார் பெயரிலோ அவர் கையெழுத்திட வேண்டும். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம்; cioins.co.in வழியாகவும் அனுப்பலாம்.

கோபிக்காரர்: அக்டோபரில் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்தது. அது பதிலாகிவிடுமா?

பெருந்துறையார்: பதில்தான் என்று நிறுவனம் சாதிக்கும், பாருங்கள்.

நொய்யல்கரை: சாதிக்கட்டும். முடிவு சொல்லாததைப் பதில் என்று நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். அதையும் மறைக்காமல் இணைத்துவிடுங்கள்.